துணி அலமாரியை அடுக்கும் வரிசை: முதலில் பருவம், பிறகு பயன்பாடு, கடைசியில் மடிப்பு

அலமாரியை அடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மடிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எல்லாத் துணிகளையும் கட்டில்மேல் கொட்டி, ஒவ்வொன்றையும் அழகாக மடித்து, கண்ணில் பட்ட இடத்தில் அடுக்கிவைக்கிறார்கள். பத்து நாளில் அலமாரி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நான் உடனிருந்து அடுக்கிய அலமாரிகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். மடிப்பின் அளவு அது உட்காரப் போகும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடம், துணியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பருவத்தில் தேவையில்லாத துணியோ அந்தக் கணக்கிலேயே வரக்கூடாது. எனவே வரிசையை மாற்றாதீர்கள்.

படிகள் கண்முன் நிற்பதற்காக ஓர் அலமாரியை முழுக்க எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை துவைக்கும், அலுவலகம் போகும் ஒருவருடையது. உள்அகலம் 86 செ.மீ., ஆழம் 57 செ.மீ. கீழிருந்து மேலாக ஒரு கீழ்த்தட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டிராயர்கள், ஹேங்கர் கம்பி, தலைக்கு மேல் ஒரு தட்டு. துணிகள் மொத்தம் 84: சட்டை 22, அலுவலக பேன்ட் 5, ஜீன்ஸ் 4, டி-சர்ட் 16, அரைக்கால் சட்டையும் இரவு உடையும் 6, ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் 5, மழைக்கோட்டு 2, விசேஷ உடை 4, பனியன் 10, உள்ளாடை 10. சாக்ஸ் தனி.

1. தொடங்குவதற்கு முன்

துவைக்க வேண்டிய கூடை காலியாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கூடையில் 15 துணி கிடக்கும்போது அடுக்கினால் அந்த 15-க்கும் அலமாரியில் இடம் இருக்காது. கூடையில் கிடப்பவைதான் நீங்கள் அதிகம் உடுத்துபவை என்பதால், முக்கியமான துணிகளையே வெளியே நிறுத்திவிட்டு மற்றவற்றுக்கு நல்ல இடத்தைக் கொடுத்துவிடுவீர்கள்.

அளவு நாடா, ஒரு தாள், பேனா ஆகியவை வேண்டும். ஒவ்வொரு தட்டின் உள்அகலம், ஆழம், உயரத்தையும், டிராயரின் உள்உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிராயரை வெளியிலிருந்து அளந்து ஏமாறாதீர்கள். முன்பலகை 20 செ.மீ. உயரம் இருந்தாலும் உள்ளே 16 தான் இருக்கும்.

பெட்டி, தடுப்பு எதையும் இப்போது வாங்க வேண்டாம். என்ன வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் வாங்கிய பெட்டிக்கு ஏற்றபடி துணியைத் திணிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஹேங்கர்கள் மட்டும் ஒரே வகையாக இருப்பது நல்லது. தடித்ததும் மெலிந்ததும் கலந்திருந்தால் தோள்கள் ஒரே மட்டத்தில் நிற்காது, ஒன்றின் பின்னால் ஒன்று மறையும்.

இந்த அளவு அலமாரிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பாதியில் நிறுத்தினால் கட்டில்மேல் கிடப்பது அத்தனையும் இரவில் அப்படியே திரும்ப உள்ளே போகும்.

2. பருவத்தைப் பிரித்தல்

முதல் கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த ஆறு வாரத்தில் இதை உடுத்துவேனா? நாட்காட்டியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குக் கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் நடப்புத் துணிதான்.

நாம் எடுத்துக்கொண்ட அலமாரியில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் 5, தடித்த முழுக்கைச் சட்டை 5 என்று பத்துத் துணி பருவம் கடந்தவை. அவற்றில் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் திரும்ப நடப்புக் குவியலில் போட்டோம். திடீரென்று குளிர்ந்த ஒரு காலையில் பெட்டியைக் குடைந்து கலைக்காமல் இருக்க இந்த ஒரு துணி போதும். மழைக்கோட்டு இரண்டும் பருவத் துணிதான் என்றாலும் அலமாரிக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. ஈரத்தோடு திரும்பி வரும் பொருள் வாசலருகே தனிக் கொக்கியில் தொங்கட்டும்.

அளவு சிறுத்தவை, பொத்தான் போனவை ஆகியவற்றையும் இதே படியில் விலக்குங்கள். இங்கே மூன்று சட்டைகளும் மூன்று டி-சர்ட்களும் அப்படி விலகின. தைத்த பிறகு உடுத்துவேன் என்று நினைக்கும் துணி, தைத்த பிறகே அலமாரிக்குள் வரட்டும். காலையில் கையில் எடுத்து, பொத்தான் இல்லை என்று கண்டு, திரும்ப வைக்கும் துணி இரண்டு தடவை நேரத்தைத் தின்கிறது.

3. பயன்பாட்டை எண்ணிப் பார்த்தல்

எதை அடிக்கடி உடுத்துகிறோம் என்று நினைவிலிருந்து சொன்னால் தவறாகவே சொல்வோம். பிடித்த சட்டை அடிக்கடி உடுத்தும் சட்டையாகத் தோன்றும். அதைவிடச் சாதாரணமான ஒன்று சத்தமில்லாமல் வாரம் இரண்டு முறை உழைத்துக்கொண்டிருக்கும். நேரம் இருந்தால் ஒரு மாதம் முன்கூட்டியே ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா ஹேங்கர்களையும் கொக்கி தலைகீழாக, அதாவது திறந்த வாய் உங்களைப் பார்த்தபடி, மாட்டுங்கள். உடுத்தித் துவைத்து வந்த துணியை மட்டும் சரியான பக்கமாக மாட்டுங்கள். மாத முடிவில் தலைகீழாகவே நிற்பவை எவை என்று கம்பியே காட்டிவிடும். மடித்த துணிக்கு, துவைத்து வந்ததை எப்போதும் முன்வரிசையில் வைத்தால் போதும். தொடாதவை தாமாகவே பின்னால் தள்ளப்படும்.

அடுத்து, முன்வரிசையில் எத்தனை வேண்டும் என்ற கணக்கு. ஒரு துவைப்புக்கும் அடுத்த துவைப்புக்கும் இடையிலுள்ள நாட்களோடு, உலர்ந்து இஸ்திரியாகித் திரும்ப ஆகும் நாட்களைக் கூட்டுங்கள். கறை பட்டு மாற்ற நேர்ந்தால் உதவ ஒன்று சேருங்கள். இந்த அலமாரிக்கு அது 7 + 2 + 1, ஆக 10 சட்டை. மீதமிருந்த 14 சட்டைகளில் பத்து மட்டும் அன்றாட வரிசைக்குப் போயின. நான்கு 'எப்போதாவது' ஆயின.

பலர் இந்த இடத்தில் தயங்குகிறார்கள். பதினான்கும் நல்ல சட்டைகள்தானே, எல்லாம் முன்னால் இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். தினமும் காலையில் பத்திலிருந்து ஒன்றை எடுப்பதற்கும் பதினான்கிலிருந்து எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனால் அந்த நான்கும் கம்பியின் இடத்தைப் பிடிக்கும்போது மற்றவை நெருக்கப்படுகின்றன. நெருக்கம்தான் காலையில் கையைத் தடுக்கிறது, இஸ்திரி போட்ட துணியைக் கசக்குகிறது.

4. இடம் ஒதுக்குதல்

கையில் துணியே இல்லாமல், தாளில் செய்ய வேண்டிய படி இது. நின்றபடி குனியாமலும் எம்பாமலும் கை எட்டும் பகுதி, ஏறத்தாழ தொடைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்டது. அன்றாடத் துணி அத்தனையும் அங்கேதான் இருக்க வேண்டும். குனிந்து எடுக்கும் இடம் வாரம் ஒருமுறை தேவைப்படுபவற்றுக்கு. முக்காலி போட்டு எடுக்கும் இடம் பருவத் துணிக்கு.

ஆழத்தைத் தனியாகக் கவனியுங்கள். ஹேங்கரின் அகலத்துக்காகத்தான் அலமாரிகளை 55 முதல் 60 செ.மீ. ஆழத்தில் செய்கிறார்கள். மடித்த சட்டைக்கோ 30 செ.மீ. போதும். ஆகவே தட்டில் மடித்து வைத்தால் பின்னால் இன்னொரு வரிசைக்கு இடம் மிஞ்சும். அந்தப் பின்வரிசை கண்ணுக்குத் தெரியாது. அங்கே அன்றாடத் துணியை வைத்தால் அதை எடுக்க முன்வரிசையைக் கலைக்க வேண்டும். முன்வரிசை சரிந்து அலமாரி குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பின்வரிசையில் எப்போதாவது எடுப்பவற்றை வையுங்கள், அல்லது தட்டின் ஆழத்துக்கு நீண்ட, இழுக்கக்கூடிய பெட்டி ஒன்றை வையுங்கள்.

கம்பிக்கும் கணக்கு உண்டு. மெல்லிய ஹேங்கரில் ஒரு சட்டை உராயாமல் தொங்க 3 செ.மீ. வேண்டும். நம் அலமாரியில் அன்றாடச் சட்டை பத்துக்கு 30, எப்போதாவது உடுத்தும் நான்குக்கு 12, பேன்ட் ஐந்துக்கு 15, உறையிட்ட விசேஷ உடை நான்குக்கு ஒவ்வொன்றும் 4 வீதம் 16. மொத்தம் 73 செ.மீ. கம்பியின் நீளம் 86. மிஞ்சும் 13 செ.மீ.யைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள். உள்ளங்கை நுழைந்து துணிகளை ஒதுக்குவதற்கான இடம் அது.

மற்றவை எளிது. இடது டிராயருக்கு டி-சர்ட், அரைக்கால் சட்டை, இரவு உடை. வலது டிராயருக்குப் பனியன், உள்ளாடை, சாக்ஸ். கீழ்த்தட்டின் முன்பக்கம் ஜீன்ஸும் அந்த ஒற்றை ஸ்வெட்டரும். மேல்தட்டுக்குப் பருவப் பெட்டி.

5. எதைத் தொங்கவிடுவது, எதை மடிப்பது

நெய்த துணி, பின்னிய துணி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். சட்டை, பேன்ட் போன்றவை நெய்தவை. பருத்தியும் லினனும் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு, அழுத்தத்தில் இருக்கும்போது அந்த மடிப்பை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் அவை கசங்கும், தொங்கவிடுவது நல்லது. டி-சர்ட், ஸ்வெட்டர், பனியன் ஆகியவை நூல் கண்ணிகளாகப் பின்னப்பட்டவை. தொங்கவிட்டால் தம் எடையாலேயே கண்ணிகள் இழுபட்டு நீளும், தோளில் ஹேங்கர் முனை முட்டி மேடு விழும். கனத்த ஸ்வெட்டரில் இது விரைவில் நடக்கும். எனவே அவற்றை மடிக்க வேண்டும். ஜீன்ஸ் நெய்ததுதான் என்றாலும் தடிப்பால் அவ்வளவாகக் கசங்காது, மடிக்கலாம். சேலை, வேட்டி போன்ற நீளத் துணிகள் இரண்டு விதத்திலும் நிற்கும். ஆனால் ஒரே மடிப்புக் கோட்டில் நெடுநாள் விடாமல், அவ்வப்போது பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள்.

இனி டிராயர் மடிப்பு. டிராயரில் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேலுள்ள இரண்டுதான் தெரியும். புத்தகங்களைப் போல நிறுத்தி வைத்தால் ஒரே பார்வையில் அத்தனையும் தெரியும். டி-சர்ட்டை முன்பக்கம் கீழே இருக்குமாறு விரியுங்கள். இரு பக்கங்களையும் கைகளோடு சேர்த்து உள்ளே மடித்து, 18 செ.மீ. அகலமுள்ள பட்டையாக்குங்கள். கழுத்தைக் கீழ் விளிம்புக்கு 2 செ.மீ. முன்பு வரை கொண்டுவந்து பாதியாக மடியுங்கள். 70 செ.மீ. நீளமுள்ள டி-சர்ட் இப்போது 36 ஆகியிருக்கும். அதை மூன்றாக மடித்தால் 12 செ.மீ. உயரமுள்ள கட்டு கிடைக்கும். 16 செ.மீ. டிராயருக்கு இதுவே சரியான அளவு, மேலே 4 செ.மீ. இடைவெளி இருக்கும். டிராயரின் உயரத்துக்குச் சமமாக மடித்தால், மூடும்போது மேல்பலகையில் சிக்கி மடிப்பு பிரியும்.

மடித்ததை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து விழுந்தால் பட்டை அகலமாகிவிட்டது, அல்லது ஒரு மடிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். டிராயரில் வைக்கும்போது மடிப்பின் உருண்ட விளிம்பு மேலே இருக்கட்டும். ஓரங்கள் மேலே இருந்தால் விரல் பட்டதும் இரண்டு மூன்று சேர்ந்து வரும்.

ஒரு டி-சர்ட் கட்டு மூன்றரை செ.மீ. தடிப்பு. எஞ்சிய 13 டி-சர்ட்களும் 48 செ.மீ. ஆழமுள்ள டிராயரில் ஒரே வரிசையில் அடங்கின. அடுத்த வரிசை அரைக்கால் சட்டைக்கும் இரவு உடைக்கும் போயிற்று.

நிறுத்தும் மடிப்பைத் திறந்த தட்டில் முயல வேண்டாம். பக்கவாட்டில் தாங்கும் சுவர் இல்லாததால் ஒன்றை எடுத்ததும் வரிசை சாயும். தட்டில் படுக்கையாக அடுக்குவதே நல்லது, ஆனால் ஓர் அடுக்கில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அடியில் உள்ளதை இழுக்கும்போது அடுக்கே சரிகிறது. ஓர் அடுக்கில் உள்ள எல்லாத் துணிக்கும் ஒரே அகலம் வர, ஓர் அட்டையை வெட்டி அளவாக வைத்துக்கொண்டு மடியுங்கள்.

6. உள்ளே வைக்கும் வரிசை

முதலில் மேல்தட்டு, பிறகு கீழ்த்தட்டு, பிறகு டிராயர், கடைசியில் கம்பி. அன்றாடத் துணியை முதலில் வைத்துவிட்டால், பருவப் பெட்டியை மேலே ஏற்றும்போது அதைத் தள்ளவும் தூக்கவும் வேண்டியிருக்கும்.

கம்பியில் கைக்கு எளிதாக எட்டும் பக்கம், அதாவது முதலில் திறக்கும் கதவின் பக்கம், அன்றாடச் சட்டைகள். அவற்றை அடுத்து பேன்ட்டுகள், பிறகு எப்போதாவது உடுத்தும் சட்டைகள், கடைசி மூலையில் விசேஷ உடை. சட்டையும் பேன்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே கதவைத் திறந்து இரண்டையும் எடுத்துவிடலாம். சிலர் நிறவாரியாக அடுக்குகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் துவைத்து வந்த ஒவ்வொரு சட்டைக்கும் நிறத்தின் இடத்தைத் தேட வேண்டியிருப்பதால் அது நிலைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இஸ்திரி போட்ட சட்டையைச் சூட்டோடு உள்ளே மாட்டாதீர்கள். நீராவியின் ஈரம் அதில் இருக்கும். கால் மணி நேரம் வெளியே ஆறவிடாவிட்டால் அந்த ஈரம் உள்ளே நின்று முடைநாற்றமாகும், சட்டையும் மீண்டும் கசங்கும்.

7. துவைத்து வந்தவையும் ஒருமுறை உடுத்தியவையும்

அலமாரி குலைவது துணியை எடுக்கும்போது அல்ல, திரும்ப வைக்கும்போதுதான். எனவே வைக்கும் விதி ஒரே வரியில் அடங்க வேண்டும். துவைத்து வந்தது வரிசையின் இடக்கோடியில் சேரும், காலையில் வலக்கோடியிலிருந்து எடுக்க வேண்டும். டிராயரில் பின்னால் சேர்த்து, முன்னாலிருந்து எடுங்கள். சோதனைக் காலத்தில் முன்னால் வைத்தோம் அல்லவா, அது எண்ணுவதற்காக மட்டுமே. இப்படிச் செய்தால் சட்டைகள் சமமாகத் தேயும். இன்னொரு பயனும் உண்டு. உடுத்த மனம் வராத சட்டையை ஒவ்வொரு நாளும் தாண்டி அடுத்ததை எடுப்பீர்கள், அது வலக்கோடியிலேயே தங்கும். நம் அலமாரியில் மூன்று வாரத்தில் இரண்டு சட்டைகள் அப்படித் தங்கிவிட்டன. ஒன்றின் கழுத்துப்பட்டி உறுத்துகிறது என்று அப்போதுதான் அவர் சொன்னார். இரண்டையும் 'எப்போதாவது' பகுதிக்கு மாற்றி, அங்கிருந்து இரண்டை முன்னால் கொண்டுவந்தோம்.

ஒருமுறை உடுத்திய, இன்னும் துவைக்க வேண்டாத ஜீன்ஸ் போன்றவற்றுக்கு இடம் ஒதுக்காதவர்களே அதிகம். அது நாற்காலியின் முதுகில் ஏறும், அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் துவைத்ததும் ஏறும். அலமாரிக்கு வெளியே, காற்றுப்படும் சுவரில் மூன்று கொக்கிகள் அடியுங்கள். மூன்றும் நிரம்பிவிட்டால் நான்காவதைத் தொங்கவிட இடம் இல்லை, ஒன்று துவைக்கப் போக வேண்டும். வியர்வை பட்ட துணியைத் துவைத்தவற்றோடு அலமாரிக்குள் வைக்கக் கூடாது. வாடை பரவும், பூச்சியும் வரும்.

8. பருவத் துணியை மேலே ஏற்றுதல்

பெட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும், ஒரே நாள் உடுத்தியிருந்தாலும், துவைத்து முழுக்க உலர்த்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் உடல் எண்ணெயும் சில மாதங்களில் மஞ்சள் கறையாகும். கம்பளியில் முட்டையிடும் அந்துப்பூச்சியின் புழு, அந்த அழுக்குப் படிந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும். கஞ்சி போட்ட துணியையும் கஞ்சி போக அலசிய பிறகே வையுங்கள். மாவுப்பொருள் இராமபாணப் பூச்சிக்கு உணவு.

காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் நெடுநாள் வைக்க வேண்டாம். உள்ளே மிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணிப் பையோ பழைய வெள்ளைத் தலையணை உறையோ போதும். அந்துருண்டை போடுவதானால் துணியில் படாமல் சிறு பொட்டலமாகக் கட்டி, பெட்டியின் மேற்பகுதியில் வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். கைக்குழந்தையின் துணியருகே அதை வைக்கவே கூடாது. சில குழந்தைகளின் உடல்வாகில் அந்த ஆவி இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கனத்தது அடியில், முதலில் தேவைப்படப் போவது மேலே. பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டுங்கள். 'குளிர்காலம்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஸ்வெட்டர் 3, ஜாக்கெட் 1, தடித்த சட்டை 5' என்று எழுதியிருந்தால் ஒரு துணிக்காகப் பெட்டி முழுவதையும் இறக்க வேண்டியிருக்காது.

பருவம் மாறும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் பாதியை இறக்கி, அதே எண்ணிக்கையில் துணிகளை ஏற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து மீதியைச் செய்யுங்கள். ஐந்து தடித்த சட்டை இறங்கினால் ஐந்து மெல்லிய சட்டை ஏற வேண்டும். எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் கம்பியில் விட்டுவைத்த அந்த 13 செ.மீ.தான் முதலில் போகும்.